நிர்வாகத்துக்கு வசதிப்படும் தேதி

என் அண்ணன் இருபத்திரண்டு வருஷ வேலையில் கம்பெனியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆறு வாரம் லீவு. அந்தக் கடிதத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். கேட்ட லீவு கிடைத்தது, ஒரு நாள்கூடக் குறையாமல். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிவது அதனால்தான்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. மலேசியாவின் ஜொகூரில், கூலாயிலிருந்து செடெனாக் போகும் வழியில் இருக்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலை. அண்ணன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் மேலே குளிர்சாதன அறையில், பணியாளர் பிரிவில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் கிராணியைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அவர் மகள் கிராணியானதில் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும் இருந்தது, அதை மறைப்பானேன். லீவு, மருத்துவச் சான்று, எச்சரிக்கைக் கடிதம், ராஜினாமா, எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வருவார்கள். பணிவாக எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் ஆடியதும் உண்டு.

அண்ணனுக்குப் பாட்டுதான் எல்லாம். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் பதிகம் பாடுவார். முறையாகப் படித்ததில்லை. யாரோ பாடியதைக் கேட்டு, ஃபோனில் கேட்டு, கிடங்கில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது முணுமுணுத்து, அப்படியே தேற்றிக்கொண்டது. கோயிலில் வெளியூரிலிருந்து ஓதுவார் யாராவது வந்துவிட்டால் அண்ணன் தூணோரம் ஒதுங்கிவிடுவார். "நமக்கு முறை தெரியாதுல்ல" என்பார். குரல் இருந்தும் முறை இல்லை என்கிற குறை அவருக்குள் முள்ளாகவே இருந்தது.

தமிழ்நாட்டில் ஒரு மடத்தில் வெளிநாட்டு அடியார்களுக்கென்று ஆறு வாரப் பயிற்சி நடத்துகிறார்கள் என்று கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே தங்க வேண்டும். காலை நான்கரைக்கு எழுந்து குளித்து, அனுட்டானம் முடித்து, பண்ணோடு பதிகம், பிறகு சித்தாந்த வகுப்பு. முதல் நாளே சமய தீட்சை கொடுத்துவிடுவார்கள். அது வாங்காதவர்கள் வகுப்பில் உட்கார முடியாது. வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஐம்பது வயது நிறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை.

அண்ணனுக்கு அப்போது நாற்பத்தொன்பது. ஜனவரியில் ஐம்பது முடிகிறது. பயிற்சி நவம்பர் நடுவில். இதற்கு மேல் கணக்குப் போட ஒன்றுமில்லை. போனால் இந்த வருஷம், இல்லாவிட்டால் இல்லை.

யாரிடமும் சொல்லாமல் ஒரு பதிகத்தைப் பாடி ஃபோனில் பதிவு செய்து மடத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஆகஸ்டில் சேர்க்கைக் கடிதம் வந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, லீவு வேணும்."

"எத்தன நாளு அண்ணே?"

"ஆறு வாரம்" என்று சொல்லிவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி சிரித்தார்.

நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன். "நீங்க எப்ப பாடி அனுப்புனீங்க?" என்று கேட்டேன்.

"வண்டி சார்ஜ் ஏறுற நேரத்துல. கிடங்குல எக்கோ நல்லா இருக்கும்லா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், வருட லீவில் அவருக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, மீதியைச் சம்பளமில்லாத லீவாகக் கேட்க வேண்டும் என்று கிராணி குரலில் விளக்கினேன். சம்பளமில்லாத லீவு என்பது உரிமையில்லை. நிர்வாகம் மனது வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் எங்கள் கம்பெனியில் வெறும் விண்ணப்பப் பாரம் போதாது. காரணம் சொல்லிக் கடிதம் வேண்டும், ஆதாரம் வேண்டும், நம் வேலையை யார் பார்ப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

கடைசி விஷயத்தை அண்ணனே முடித்துவிட்டார். கிடங்கில் அவரோடு பதினைந்து வருஷமாக இருக்கிற மலாய்க்காரத் தோழர், அவரும் ஃபோர்க்லிஃப்ட் உரிமம் வைத்திருப்பவர், "போய்ட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் ஹஜ்ஜுக்குப் போனபோது அண்ணன்தான் நாற்பது நாளும் இரண்டு பேர் வேலையைப் பார்த்தார்.

கடிதத்தை எழுத எனக்கு இரண்டு மாலை ஆனது. மடத்திலிருந்து வந்த தமிழ்க் கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து இணைத்தேன். மதிப்பிற்குரிய என்று தொடங்கி, இருபத்திரண்டு ஆண்டுச் சேவையைச் சொல்லி, இது சுற்றுலா அல்ல, வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் சமயப் பயிற்சி என்பதை விளக்கி, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று எழுதி, கிடங்கு வேலை தடைப்படாமல் இருக்கச் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொன்னேன். பயிற்சி முடிந்த மறுநாளே வேலைக்குத் திரும்புவேன் என்று உறுதியும் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. கேட்டுவிட்டு அப்படியே நிற்கிற மாதிரி. பெரிய ஒன்றைக் கேட்கும்போது ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, ஆனால் கை தானாகச் செய்யும். நான் எழுதிக் கொடுத்த எல்லாக் கடிதங்களிலும் அப்படி ஒரு வரி கடைசியில் இருக்கும். இதிலும் சேர்த்தேன்:

'மேற்கண்ட தேதிகள் நிறுவனத்துக்கு இடைஞ்சலாக இருக்குமானால், நிர்வாகத்துக்கு வசதிப்படும் வேறு தேதிக்கு என் விடுப்பை மாற்றிக்கொள்ளவும் சித்தமாக இருக்கிறேன்.'

எழுதிவிட்டு ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. வணங்கி நிற்கிற ஒருவர் தெரிந்தார். அவ்வளவு பணிவாகக் கேட்பவரிடம் யார் முடியாது என்று சொல்வார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் கேன்டீனில் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் பேசினால் புரியும், எழுத்து ஓடாது. ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னேன். 'வாழ்நாளில் ஒருமுறை' என்ற இடத்தில் தலையை ஆட்டினார். கடைசிப் பத்திக்கு வரும்போது இடைவேளை முடிகிற மணி அடித்துவிட்டது.

"இதுல என்னா?" என்று கேட்டார்.

"அது வழக்கமா போடுறதுதான் அண்ணே. நன்றி கின்றினு. சைன் பண்ணுங்க."

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பணியாளர் பிரிவு மேலாளர் ஒரு சீன அம்மா. கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்து முறுக்கு சாப்பிட்டுவிட்டு, டப்பாவிலும் வாங்கிக்கொண்டு போவார். கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீதானே எழுதினாய்? எவ்வளவு மரியாதை! இப்படி எழுதினால் மேலே எடுத்துக்கொண்டு போக எனக்கே ஆசையாக இருக்கிறது" என்றார். பெயரையும் தேதியையும் எடுத்துவிட்டு இதை மாதிரிக் கடிதமாகக் கோப்பில் வைக்கச் சொன்னார். நான் பூரித்துப் போய் அன்றே வைத்தேன்.

இரண்டு வாரம் பதில் இல்லை. அண்ணன் அதற்குள் நான்கு வெள்ளை வேட்டி வாங்கிவிட்டார். காலை நான்கரைக்கு எழுந்து பழகுகிறார் என்று அண்ணி சொன்னார். "மனுஷன் குளிக்கிற சத்தத்துல வீடே எழுந்திருச்சிருது" என்று அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பிலும் ஒரு சிரிப்பு இருந்தது.

மேலாளர் ஒரு காலை சிரித்த முகத்தோடு வந்து என் மேஜையில் குறிப்புத் தாளை வைத்தார். "வேலை முடிந்தது. ஆறு வாரமும் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் கொடுத்ததில்லை, தெரியுமா? பதிலைத் தட்டச்சு செய்து விடு."

உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தொடங்கினேன். தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. ஆண்டு இறுதியில் ஏற்றுமதி அதிகமாக இருப்பதால், தேதியை மாற்றிக்கொள்ளத் தாங்கள் முன்வந்திருக்கும் பெருந்தன்மையை நிர்வாகம் பாராட்டுகிறது. அதன்படி, தங்கள் ஆறு வார விடுப்பு மார்ச் முதல் வாரத்திலிருந்து அனுமதிக்கப்படுகிறது.

மார்ச் என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. குறிப்புத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் வரியை எடுத்து எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நானே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

மேலாளர் அறைக்கு ஓடினேன். தேதியை மாற்ற முடியாது, அந்தப் பயிற்சி நவம்பரில் மட்டும்தான், முதல் நாள் தீட்சை, அண்ணனுக்கு வயது தாண்டிவிடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கடிதத்தை எடுத்துப் பொறுமையாகக் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

"அவரே எழுதியிருக்கிறாரே, மாற்றிக்கொள்ளத் தயார் என்று."

"அது மரியாதைக்கு எழுதியது."

"இதை வைத்துத்தான் நான் மேலே பேசினேன். இந்த வரி இல்லையென்றால் கேள்வியே இல்லை, மறுத்திருப்பார்கள். இப்போது போய், அவர் சும்மா எழுதினார் என்று சொன்னால் அவர் பெயர் என்ன ஆகும்?"

மறுத்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அந்த வரி இல்லாமலிருந்தால் அவர்கள் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டி வந்திருக்கும். இல்லை என்றால் நாங்கள் இன்னொரு முறை கேட்டிருப்போம், தோழர் வந்து பேசியிருப்பார், டிசம்பர் ஏற்றுமதிக்கு ஏதாவது வழி சொல்லியிருப்போம். இல்லை என்று சொல்கிற சங்கடத்தைக்கூட நான் அவர்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டேன். ஆம் என்று சொல்லியே இல்லையாக்க வழி செய்து கொடுத்தேன்.

அன்று மாலை மடத்துக்கு ஃபோன் செய்தேன். பேசியவர் இதமாகத்தான் பேசினார். "தீட்சைக்கு அப்புறம் வந்தா உக்கார வைக்க முடியாதுங்கம்மா. அடுத்த வருஷம்னா வயசு நிறைஞ்சிருது. ஒருத்தருக்குத் தளர்த்தினா எல்லாருக்கும் தளர்த்தணும்" என்றார். பிறகு, "ஐயா குரல் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றும் சொன்னார். அதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

அண்ணனிடம் பதில் கடிதத்தைக் கொடுக்கக் கிடங்குக்கு நானே இறங்கிப் போனேன். தோழரும் பக்கத்தில் இருந்தார். தமிழில் சொன்னேன். இந்த முறை ஒரு வரியையும் விடவில்லை.

அண்ணன் வண்டியிலிருந்து இறங்கவில்லை. "நானா மாத்திக்கிறேன்னு சொன்னேன்?" என்று கேட்டார். கோபமாக இல்லை. உண்மையிலேயே எப்போதாவது அப்படிச் சொல்லிவிட்டோமோ என்று யோசிக்கிற முகம்.

"நான்தான் எழுதுனேன் அண்ணே."

தோழர் மலாயில் என்னவென்று கேட்டார். சொன்னேன். "அலாமாக், காக்" என்று, 'ஐயோ, அக்கா' என்கிற மாதிரி, தலையில் கை வைத்தார். ஹஜ்ஜுக்கு அவர் கடிதமே எழுதவில்லையாம். பணியாளர் கையேட்டில் அந்த லீவு ஒரு முறை உண்டு என்று அச்சடித்திருக்கிறது. பாரத்தில் தேதியைப் போட்டு, அழைப்புக் கடிதத்தை இணைத்தார், அவ்வளவுதான். "தேதி நம்முடையது இல்லையே, காக். அதை ஏன் மாற்றுகிறேன் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டார். அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. கையேட்டில் இருப்பதைக் கேட்பவருக்கு நான் செய்தது புரியாது. கையேட்டில் இல்லாததைக் கேட்கும்போது முதுகு தானாக வளைகிறது. என் முதுகை வளைத்திருந்தால் போகட்டும், நான் அண்ணனின் முதுகை அல்லவா வளைத்தேன்.

சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு நாள் அண்ணி சொல்லிப் பார்த்தார். அனுமதியில்லாமல் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து வராவிட்டால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கடிதங்களையும் நான்தான் தட்டச்சு செய்கிறேன். அண்ணனின் மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். அண்ணன் எழுந்து போய்விட்டார்.

நவம்பர் வந்து போனது. தீட்சை நடந்த நாளில் அவர் காலை ஷிப்டில் இருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொள்கலனுக்குள் வண்டி போவதும் வருவதுமாக இருந்தது.

பிப்ரவரியில், மார்ச் லீவு இனித் தேவையில்லை, ரத்து செய்யுங்கள் என்று இன்னொரு கடிதம் எழுதினேன். நான்கே வரி. அதற்கும் பதில் வந்தது. அந்த ஆறு வாரத்துக்கு ஒப்பந்த ஓட்டுநர் ஒருவருக்கு ஏஜென்டிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, எனவே அனுமதித்தபடி விடுப்பை எடுத்துக்கொள்ளவும் என்றார்கள். சண்டை போடலாம் என்று நான் சொன்னேன். "விடு தங்கச்சி, நாம கேட்டதுதானே" என்றார் அண்ணன்.

இதற்கிடையில் கோப்பிலிருந்த அந்த மாதிரிக் கடிதத்தைத் திறந்து கடைசிப் பத்தியை அழித்தேன். ஒரு வாரத்தில் மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். "அந்த வரிதானே அழகு, ஏன் எடுத்தாய்?" என்றார். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். ஆம், போட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ திருந்திவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

மார்ச்சில் ஆறு வாரம் அண்ணன் வீட்டில் இருந்தார். பெரும்பகுதி சம்பளமில்லாமல், போக இடமில்லாமல். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வீட்டு முன்கேட்டைக் கழற்றி இரண்டு நாற்காலி மேல் கிடத்திச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். கட்டியிருந்தது மடத்துக்காக வாங்கிய வேட்டி. அதில் பச்சைச் சாயம் அங்கங்கே தெறித்திருந்தது. கோயிலில் பாடுகிறாரா என்று அண்ணியிடம் ஜாடையில் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

அண்ணன் தூரிகையை வைத்துவிட்டு, "அந்த லெட்டர் ஃபோன்ல இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது.

"கடைசியா ஒண்ணு இருந்துச்சே, அன்னிக்கு மணி அடிச்சிருச்சு. அத இப்ப வாசி."

நான் வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்றுதான் ஆறு மாதமாகக் காத்திருந்தேன்.

அவர் முழுவதும் கேட்டார். "நல்லாதான் எழுதிருக்க" என்றார். "ரொம்ப மரியாதையா இருக்கு."

"நான் அன்னிக்கே இத வாசிச்சிக் காட்டிருக்கணும் அண்ணே. தப்பு என்னோடது."

அவர் மறுபடியும் தூரிகையை எடுத்துச் சாயத்தில் தோய்த்தார். "வாசிச்சிருந்தாலும் சைன் போட்டிருப்பேன் தங்கச்சி. அப்படித்தானே கேக்கணும்."

சமாதானத்துக்குச் சொன்னாரா, நிஜத்தைச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜத்தைத்தான் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, அப்படியே என்னையும். எதுவும் செய்யாமல் கேட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அடிப்பக்கத்துக்குச் சாயம் அடித்தார்.